பெரிய எழுத்து, சின்ன எழுத்து: காணாமல் போகும் சான்றிதழ்

தமிழ்நாடு அரசு 2011-ல் மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதனால் ரிஷிவந்தியம் போன்ற சின்ன ஊர்களிலும் இரண்டு அமைப்புகளும் பழக்கத்துக்கு வந்தன. கடைக் கணினியில் விண்டோஸ், வீட்டு மடிக்கணினியில் லினக்ஸ், நடுவில் ஒரு பென் டிரைவ் என்று வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிக்குவது கடைக்காரரின் கோப்பு மட்டுமல்ல. பட்டா, சாதிச் சான்று, ஆதார் நகல் என நம்முடையதும்தான்.

லினக்ஸுக்கு `Kumar.pdf` வேறு, `kumar.pdf` வேறு. இரண்டும் ஒரே கோப்புறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். விண்டோஸுக்கோ இரண்டும் ஒன்றே. பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ஃபேட் வடிவமும் அப்படித்தான். லினக்ஸிலிருந்து அந்தக் கோப்புறையைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது இரண்டாவது கோப்பு முதலாவதின் மேல் உட்காரும். “மாற்றவா?” என்று திரையில் கேட்டாலும், நூறு கோப்புக்கு நடுவில் “எல்லாவற்றுக்கும் ஆம்” என்று தட்டிவிடுவதுதான் நடக்கும். தானியங்கி ஒத்திசைவு நிரல்களில் சில கேட்பதே இல்லை. சில சமயம் முதல் கோப்பின் பெயர் நிற்கும், உள்ளே இரண்டாவதின் பக்கங்கள் இருக்கும். ஒரு குமாருடைய பட்டா இன்னொரு குமாருடைய மனுவோடு போவது இப்படித்தான். காணாமல் போனதைவிட இது மோசம், ஏனென்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

இதைக் கண்டுபிடிக்க, நகலெடுக்கும் முன் லினக்ஸில் அந்தக் கோப்புறைக்குள் நின்று இதை ஓட்டினால் போதும்:

```
find . | sort -f | uniq -di
```

எதுவும் வரவில்லை என்றால் மோதல் இல்லை. வரும் ஒவ்வொரு வரியும் மோதும் ஒரு பெயர். பெயரை மாற்றிவிட்டுத்தான் நகலெடுக்க வேண்டும். ஆங்கிலப் பெயர்களை எப்போதும் சின்ன எழுத்திலேயே வைத்து, கூடவே தேதியோ வரிசை எண்ணோ சேர்க்கும் கடையில் இந்தத் தொல்லை முளைக்கவே முளைக்காது.

அடுத்தது குறியீட்டு இணைப்பு, அதாவது சிம்லிங்க். கோப்பு வேறிடத்தில் இருக்க, இங்கே அதன் முகவரி மட்டும் இருக்கும். எக்ஸ்ஃபேட் பென் டிரைவில் இதை வைக்கவே முடியாது. விண்டோஸில் இதை உருவாக்க நிர்வாகி உரிமையோ டெவலப்பர் மோடோ வேண்டும். ஆகவே நகலெடுக்கும் நிரலைப் பொறுத்து இணைப்பு விடுபட்டுப்போகும், அல்லது சில பைட் அளவுள்ள வெறும் எழுத்துக் கோப்பாகிவிடும். “பேக்கப் எடுத்தாச்சு” என்று நிம்மதியாக இருப்பவரிடம் உண்மையான கோப்பே இருக்காது. `find . -type l` என்ற கட்டளை இணைப்புகளை மட்டும் காட்டும்; அவை சுட்டும் மூலக் கோப்புகளைத் தனியே நகலெடுங்கள். இந்த இரண்டு குறைகளும் சேர்ந்தால் விபரீதமும் உண்டு. 2021 மார்ச்சில் கிட் மென்பொருளில் சரிசெய்யப்பட்ட ஓட்டையில், எழுத்து வேறுபாடு பார்க்காத வட்டில் ஒரு கோப்புறைப் பெயரையும் ஒரு சிம்லிங்க் பெயரையும் மோதவிட்டு, அந்நியர் நிரலை நம் கணினியில் ஓடவைக்க முடிந்தது.

மூன்றாவது, அனுமதி. லினக்ஸில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று பூட்டலாம். விண்டோஸின் பூட்டு வேறு வகை. எக்ஸ்ஃபேட்டில் பூட்டே கிடையாது. பூட்டிய கோப்பு பென் டிரைவுக்குப் போய்த் திரும்பினால், அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்கும்படி திறந்து வருவதுதான் வழக்கம். திரும்பிய கையோடு இதைச் செய்ய வேண்டும்:

```
chmod -R u=rwX,go= sandruthazh
```

`sandruthazh` என்ற இடத்தில் உங்கள் கோப்புறையின் பெயர். பென் டிரைவிலேயே கிடக்கும் பிரதிக்கு இது உதவாது. அதைக் கடவுச்சொல் போட்டுக் குறியாக்கம் செய்யுங்கள், இல்லையேல் அழித்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் பக்கம் வருவோம். எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. நம் தரவை வைத்திருப்பவர் அதைத் தக்கபடி காக்க வேண்டும், தவறானதைத் திருத்தவும் தேவை முடிந்ததை அழிக்கவும் நாம் கேட்கலாம் என்கிறது அந்தச் சட்டம். சின்னக் கடைக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் ஒரு ஊரின் பாதி ஆதார் நகல் கிடப்பது அந்தச் சின்னக் கடையில்தானே?

சட்டம் முழுதாக அமலாகும்வரை காத்திருக்க வேண்டாம். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்தில் இலவசமாக இறக்கலாம். முழு எண் தேவைப்படாத இடத்தில் அதையே கொடுங்கள். விண்ணப்பத்தை அனுப்பும் முன் இணைத்த கோப்பை உங்கள் கண்ணெதிரே திறந்து காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கணினியிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள்.