பத்துப் பேரிடம் கேட்டுவிட்டுக் கடை போடுங்கள்

வேலைக்குப் போகும் பெண்களுக்குக் காய்கறி நறுக்கி, பாக்கெட் போட்டு வீட்டுக்கே கொடுக்கலாம் என்று ஒருவர் நினைக்கிறார் என வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தில் "இப்படிக் கொடுத்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால், பெரும்பாலானோர் "கட்டாயம் வாங்குவோம்" என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் மறுக்க மாட்டார்கள். அதை நம்பி முதல் போட்டால் காய் வாடும்.

ராப் ஃபிட்ஸ்பேட்ரிக் 2013இல் எழுதிய 'தி மாம் டெஸ்ட்' என்ற நூல் இதற்கு ஒரு வழி சொல்கிறது: உங்கள் யோசனையைப் பற்றிக் கேட்காதீர்கள்; அவர்கள் ஏற்கெனவே செய்ததைக் கேளுங்கள்.

சொந்தக்காரர்களை விட்டுவிட்டு, ஒரே மாதிரி வாழ்க்கை உள்ள பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில் கேளுங்கள். கால் மணி நேரம் போதும்.

முதலில், "கடைசியாகச் சமையலுக்கு நேரம் போதாமல் போனது என்றைக்கு? அன்று என்ன செய்தீர்கள்?" அடுத்து, "அதற்கு எவ்வளவு செலவானது? போன மாதம் எத்தனை முறை அப்படி ஆனது?" பிறகு, "எந்த வேலையை யாராவது செய்துகொடுத்தால் தேவலை என்று ஏற்கெனவே காசு கொடுத்திருக்கிறீர்கள்?" கடைசியாக, "அப்படி வாங்கிப் பார்த்து நிறுத்தியது ஏதாவது உண்டா? ஏன்?" இதுவரை உங்கள் திட்டத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அவர்கள் சொன்ன வார்த்தையையே எழுதிக்கொள்ளுங்கள்.

பத்துப் பேரின் பதில்களையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நம் உதாரணத்தில் இப்படி வரலாம்: பீன்ஸ், கேரட்டுக்கு யாருமே காசு கொடுத்ததில்லை, ஐந்து நிமிடத்தில் தாங்களே நறுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஆறு பேர், உரித்த சின்ன வெங்காயத்தையோ ஆய்ந்த கீரையையோ கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அதில் இருவர், வெங்காயம் நீர்விட்டு நாறியதால் நிறுத்திவிட்டார்கள். இப்போது சரக்கு எது, எதில் கவனம் தேவை என்று இரண்டும் தெரிந்துவிட்டன.

அப்புறம்தான் திட்டத்தைச் சொல்ல வேண்டும். "திங்கள்கிழமை முதல் வாரம் இரண்டு முறை, கால் கிலோ உரித்த வெங்காயம் தருகிறேன். முதல் வாரப் பணத்தை இப்போதே தருகிறீர்களா?" என்று விலையோடு கேளுங்கள். பணத்தை எடுத்துக் கொடுத்தவர் வாடிக்கையாளர். "ஆரம்பித்ததும் சொல்லுங்கள்" என்றவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஊரில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதைப் பத்துப் பேர் சொல்லிவிட முடியாது. பதில்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், வெவ்வேறு தேவை உள்ளவர்களைக் கலந்து கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள். ஒரு வகையினரை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். பத்தில் ஒருவர்கூட முன்பணம் தராவிட்டால், அந்தச் சரக்கில் முதல் போடாதீர்கள்.