ஒரு பாலம், மூன்று கேள்விகள்

போஸ்னியாவின் மோஸ்டார் நகரப் பழைய பாலத்தை 1993 நவம்பர் 9 அன்று குரோவாசியப் படையின் டாங்கி குண்டுகள் வீழ்த்தின. போர்ச் சட்டத் தேர்வுக்கு இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரியாது.

முதலில் வேறுபடுத்தல். தாக்கப்படுவது இராணுவ இலக்கா, குடிமக்கள் சொத்தா? எதிர்த்தரப்புப் படையும் அந்தப் பாலத்தைப் பயன்படுத்தியதால் அது இராணுவ இலக்கே என்றது யூகோஸ்லாவியப் போர்க்குற்ற நீதிமன்றம். பலர் விடையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் இலக்கு சரி என்றால்தான் விகிதாசாரக் கேள்வியே எழுகிறது. எதிர்பார்க்கப்படும் குடிமக்கள் சேதம், கிடைக்கவிருக்கும் திட்டவட்டமான, நேரடியான இராணுவ ஆதாயத்தைவிட மிதமிஞ்சியதா? தாக்குமுன் தளபதிக்குத் தெரிந்ததை வைத்தே இதை எடைபோட வேண்டும். பிறகு எண்ணிய பிணங்களை வைத்தல்ல. பாலம் போனால் மக்களுக்கு உணவும் மருந்தும் வரும் வழி அடைபடும் என்பதால், சேதம் மிதமிஞ்சியது என 2013இல் விசாரணை அமர்வு தீர்ப்பளித்தது.

2017இல் மேல்முறையீட்டு அமர்வு அதை மாற்றியது. பாலத்தை அழித்ததில் இராணுவ ஆதாயம் இருந்ததால், அவசியமற்ற அழிப்பு என்ற குற்றம் நிற்காது என்றது. நீதிபதி பொக்கார் உடன்படவில்லை. அவசியம் விகிதாசாரத்தை விழுங்கிவிட்டது என்ற விமர்சனம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. விடைத்தாளில் இரண்டு தீர்ப்புகளையும் எழுதி, கூடுதல் நெறிமுறை ஒன்றின் 51, 52ஆம் பிரிவுகளைச் சுட்டுங்கள்.