திரைக்கு வெளியே போகும் பட்டன்

யூனிட்டியில் 1920×1080 திரைக்காக வடிவமைத்த ஒரு விளையாட்டில், 160 அலகு அகலமுள்ள மெனு பட்டனின் மையம் திரையின் நடுவிலிருந்து வலப்புறம் 860 அலகு தள்ளி இருப்பதாகக் கொள்வோம். `Canvas Scaler` உயரத்துக்குப் பொருந்துமாறு அமைந்திருந்தால், 4:3 டேப்லெட்டில் கேன்வாஸின் அகலம் 1440 ஆகச் சுருங்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு 720 அலகுதான். 780-இல் தொடங்கும் பட்டன் முழுவதும் காணாமல் போகும்.

இங்கே உண்மையான தவறு, ஆங்கர் நடுவில் இருப்பதுதான். அதை வலது மேல் மூலைக்கு, அதாவது (1, 1)-க்கு மாற்றினால் தூரம் அந்த மூலையிலிருந்தே கணக்கிடப்படும். பிவட்டையும் (1, 1) ஆக்கி, இடத்தை (-20, -20) எனக் கொடுக்க வேண்டும். பிவட் நடுவிலேயே இருந்தால் பட்டனின் 60 அலகு வலப்புறம் வெளியே நீளும்.

`Match` மதிப்பை அகலத்துக்கு மாற்றுவது மட்டும் போதாது: 20:9 போனில் கேன்வாஸின் உயரம் 864 ஆகிவிடுவதால், நடுவில் ஆங்கர் கொண்ட மேல்வரிசை வெட்டுப்படும்.