புகைப்படத்தைப் பார்த்தே தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவைக் கணிப்பது எப்படி?

மும்பை: மும்பையில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலான பகுதிகளுக்கு நாளின் குறிப்பிட்ட சில மணி நேரமே வருகிறது. எனவே தாராவியின் ஒற்றை அறை வீடு முதல் செம்பூரின் அடுக்குமாடிக் கட்டடம் வரை, கூரையின் மேல் ஒரு தொட்டியோ டிரம்மோ இல்லாத இடத்தைக் காண்பது அரிது. பழைய தொட்டியை விலைக்கு வாங்குவோரும், வாடகைக்கு வீடு தேடுவோரும் அந்தத் தொட்டியை முதலில் காண்பது பெரும்பாலும் கைப்பேசியில் வரும் ஒரு புகைப்படத்தில்தான். அந்தப் படத்திலிருந்து கொள்ளளவை ஓரளவு துல்லியமாகக் கணிக்க முடியும். தரத்தைப் பற்றிச் சில அடையாளங்களை மட்டுமே பெற முடியும்.

கொள்ளளவைச் சரியாக அறிவது பாதுகாப்பு தொடர்பானதும் ஆகும். 1,000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். 108 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் அந்த எடை ஏறத்தாழ 0.92 சதுர மீட்டர் இடத்தில் இறங்குகிறது. அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 1,100 கிலோ. மனிதர்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, அதன் சொந்த எடையைத் தவிர்த்து, இந்தியத் தரநிலை கணக்கில் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ மட்டுமே. இரும்புக் கோணச் சட்டத்தின் மீது எழுப்பப்பட்ட மாடி அறைகள் நிறைந்த தாராவியில் இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. 500 லிட்டர் என்று எண்ணி ஏற்றிய தொட்டி உண்மையில் 1,000 லிட்டராக இருந்தால், கூரை அரை டன் கூடுதலாகத் தாங்க வேண்டும்.

அளவுகோலைப் படத்திலேயே தேடுங்கள்

தமிழர்கள் பொதுவாகச் 'சின்டெக்ஸ் டேங்க்' என்று அழைக்கும் உருளை வடிவப் பிளாஸ்டிக் தொட்டிகள் 1970-களில் இந்தியச் சந்தைக்கு வந்தவை. அந்த நிறுவனத்தின் பெயரே எல்லாப் பிளாஸ்டிக் தொட்டிகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இவற்றின் கொள்ளளவைக் கணிக்க விட்டமும் உயரமும் தெரிந்தால் போதும்.

படத்தில் தொட்டிக்கு அருகே, உண்மையான அளவு தெரிந்த பொருள் ஒன்று இருக்க வேண்டும். தாராவியில் எங்கும் காணப்படும் 200 லிட்டர் நீல டிரம் இதற்கு ஏற்றது. அது பெரும்பாலும் 90 முதல் 95 செ.மீ. உயரம் கொண்டது. அதை நேரில் ஒருமுறை நாடாவால் அளந்துகொள்வது நல்லது. ஒரு அங்குலக் குழாயையோ ஒற்றைச் செங்கல்லையோ அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. பொருள் சிறிதாக இருந்தால், திரையில் அரை மில்லிமீட்டர் தவறாக அளந்தாலும் தொட்டியின் அளவு பெரிதும் மாறிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். டிரம்மின் உண்மையான உயரம் 93 செ.மீ. என்க. கைப்பேசித் திரையில் அது 31 மி.மீ. ஆகத் தெரிகிறது. எனவே திரையின் ஒரு மில்லிமீட்டர் உண்மையில் 3 செ.மீ. ஆகும். அதே படத்தில் தொட்டியின் அகலம் 36 மி.மீ.; அதாவது 108 செ.மீ. மூடியையும் மேல் குவிமாடத்தையும் விட்டுவிட்டு, நேரான உடல் பகுதியின் உயரம் 37 மி.மீ.; அதாவது 111 செ.மீ.

இனி விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.785 ஆல் பெருக்கி, கடைசியாக உயரத்தால் பெருக்க வேண்டும். மீட்டரில் கணக்கிட்டால் 1.08 × 1.08 × 0.785 × 1.11 = 1.016 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர் என்பதால், விடை சுமார் 1,016 லிட்டர்.

இந்த விடையை அப்படியே நம்பக் கூடாது. அளவுகோலில் 5 சதவீதத் தவறு நேர்ந்தால், நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அது சேர்ந்துகொள்வதால் கொள்ளளவில் ஏறத்தாழ 15 சதவீதத் தவறாக வளர்ந்துவிடும். ஆகவே உண்மையான அளவு 870 முதல் 1,180 லிட்டருக்குள் எங்கும் இருக்கலாம். எனினும் தொட்டிகள் 500, 750, 1,000, 1,500 லிட்டர் போன்ற குறிப்பிட்ட அளவுகளிலேயே பெரும்பாலும் விற்கப்படுகின்றன. நமது எல்லைக்குள் வருவது 1,000 மட்டுமே. எனவே முடிவு தெளிவானது.

படம் எடுக்கும் முறையும் முக்கியம். டிரம்மும் தொட்டியும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும். டிரம் முன்னால் நின்றால் அது பெரிதாகத் தெரியும். தொட்டி உண்மையைவிடச் சிறியதாகக் கணக்கிடப்படும். நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, தொட்டியின் நடு உயரத்துக்குச் சமமாகக் கேமராவைப் பிடித்து எடுப்பது சிறந்தது. தெருவிலிருந்து அண்ணாந்து எடுத்த படத்தில் அகலம் ஏறத்தாழச் சரியாக இருந்தாலும் உயரம் குறுகிவிடும்.

சிமெண்ட் தொட்டியில் ஏமாற்றும் வெளி அளவு

மாட்டுங்காவின் பழைய குடியிருப்புக் கட்டடங்களின் மாடியில் காணப்படும் கான்கிரீட் தொட்டிகளுக்கு மேற்கண்ட கணக்கு அப்படியே பொருந்தாது. வெளியே 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் உள்ள தொட்டி 9,000 லிட்டர் கொள்ளும் என்று தோன்றும். ஆனால் சுவர்கள் ஒவ்வொன்றும் 15 செ.மீ. தடிமன் என்று கொண்டால் உள் நீளம் 2.7 மீட்டரும், உள் அகலம் 1.7 மீட்டரும் மட்டுமே.

உயரத்திலும் அடித்தளத்துக்கு 15 செ.மீ., மேல் மூடு தளத்துக்கு 10 செ.மீ., நிரம்பி வழியும் குழாய்க்கு மேலுள்ள வெற்றிடத்துக்கு 15 செ.மீ. என்று கழித்தால் 1.1 மீட்டரே எஞ்சும். அதன்படி உண்மையில் நிற்கும் தண்ணீர் சுமார் 5,050 லிட்டர். வெளி அளவை மட்டும் பார்த்து "ஒன்பதாயிரம் லிட்டர் தொட்டி" என்று சொல்லப்படுவது பாதிக்குச் சற்றே மேல்தான் என்பதைக் குடியிருப்போர் அறிந்திருக்க வேண்டும்.

இத்தகைய தொட்டியின் நிலையைப் படம் நன்றாகவே காட்டும். சுவரில் பழுப்பு நிறக் கோடு வழிந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். ஒரே கோட்டில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அந்த இடத்தில் நீர் கசிந்து சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. கம்பியே வெளியே தெரிந்தால் கட்டடப் பொறியாளரை அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

தொட்டியா, பழைய ரசாயன டிரம்மா?

பிளாஸ்டிக் பொருளின் தரத்தை அறிய, முதலில் அதன் மேலுள்ள எழுத்துகளை நெருங்கிப் படம் எடுக்க வேண்டும். சுழல் வார்ப்பு முறையில் செய்யப்படும் பாலிஎத்திலீன் தண்ணீர்த் தொட்டிக்கான இந்தியத் தரநிலை IS 12701. ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் இந்த எண்ணும், CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் BIS Care செயலியில் உள்ளிட்டுச் சரிபார்க்கலாம். முத்திரை மட்டும் இருந்து எண் இல்லாவிட்டால் அதை உறுதிச் சான்றாகக் கொள்ள இயலாது.

பிளாஸ்டிக் மறுசுழற்சிக்குப் பெயர்பெற்ற தாராவியில், கழுவி விற்கப்படும் பழைய டிரம்கள் தனிக் கவனத்துக்குரியவை. ஊதி வார்க்கப்பட்ட டிரம்மின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய இணைப்புக் கோடு ஓடும். அதன் மேல் UN என்ற எழுத்துகளும் 1H1 அல்லது 1H2 என்ற குறியீடும் பொறிக்கப்பட்டிருந்தால், அது அபாயகரமான பொருள்களை அனுப்புவதற்கான தரத்தில் செய்யப்பட்ட டிரம். 1H1 என்பது மேல்பகுதி திறக்க முடியாத வகை. 1H2 என்பது திறக்கக்கூடிய வகை. முக்கோணத்துக்குள் உள்ள 2 என்ற எண், பிளாஸ்டிக் எந்த வகை என்பதை மட்டுமே சொல்லும். முன்பு உள்ளே என்ன இருந்தது என்பதை எந்தப் படமும் சொல்லாது. எனவே அத்தகைய டிரம்மில் குடிநீரைச் சேமிக்காமல் இருப்பதே பாதுகாப்பானது.

சுவர் ஒளியைத் தடுக்கிறதா என்பதையும் படம் காட்டும். நல்ல வெயிலில் கேமராவை வாய்வழியே உள்ளே பிடித்து, வாயை முடிந்தவரை துணியால் மறைத்துப் படம் எடுக்க வேண்டும். சுவர்கள் கருமையாகத் தெரிந்தால் நல்லது. விளக்குத் திரை போல ஒளிர்ந்தால் வெளிச்சம் ஊடுருவுகிறது. அதில் பாசி பிடிக்கும்.

அடிப்பகுதியும் இணைப்புகளும்

பிளாஸ்டிக் தொட்டியின் அடிப்பகுதி முழுவதும் சமமான தளத்தில் அமர வேண்டும். இரண்டு இரும்புச் சட்டங்களின் மேல் மட்டும் வைத்தால், இடைப்பட்ட பகுதி தொங்கும். படத்தில் கீழ் விளிம்பு வளைந்திருப்பதும், வெளியேற்றுக் குழாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதும் இதன் அடையாளங்கள். விரிசல் பெரும்பாலும் அந்தக் குழாய் இணைப்பைச் சுற்றியே தொடங்கும்.

குழாயின் மேல் அச்சிடப்பட்ட வரியையும் படிக்கலாம். வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பி.வி.சி. குழாயில் IS 4985 என்று இருந்தால் அது குடிநீர் வழங்கலுக்கானது. IS 13592 என்று இருந்தால் அது கழிவுநீர், மழைநீர் வடிகாலுக்கானது. நீரழுத்தத்தைத் தாங்க உருவாக்கப்பட்டதல்ல. நிரம்பி வழியும் குழாயின் முனையில் வலை இல்லாவிட்டாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ, நகர மலேரியாவைப் பரப்பும் 'அனாபிலிஸ் ஸ்டீபன்சி' கொசு உள்ளே முட்டையிடும்.

படம் சொல்லாதவை

தொட்டி மூன்று அடுக்கா, ஐந்து அடுக்கா என்பதைப் படத்தில் காண முடியாது. அடுக்குகளின் எண்ணிக்கை மட்டும் வலிமைக்கு அளவும் அல்ல. சுவரின் தடிமனும் வெற்றுத் தொட்டியின் எடையுமே முக்கியம். IS 12701 தரநிலை ஒவ்வொரு கொள்ளளவுக்கும் இவ்விரண்டின் குறைந்தபட்ச அளவை வகுத்துள்ளது. ஆகவே வாங்கும் முன் தராசில் நிறுத்துப் பார்க்கலாம்.

விற்பவரிடமோ வீட்டு உரிமையாளரிடமோ நான்கு படங்களைக் கேட்டுப் பெறுவது போதுமானது: அளவு தெரிந்த பொருளுடன் முழுத் தொட்டி, எழுத்துகள் பொறித்த பகுதி, அடிப்பகுதியும் அதைத் தாங்கும் தளமும், மூடியைத் திறந்த உட்புறம். இவற்றுள் மூன்றாவது படத்தை அனுப்பத் தயங்கினால், நேரில் சென்று பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.