நகக்கண்ணுக்கு முன்னே நிறுத்துங்கள்

எங்கள் வீட்டுப் பூனை மீனுவுக்கு முதல் தடவை நகம் வெட்ட உட்கார்ந்த அன்று நான் வெட்டியது இரண்டே நகம். பூனைக்கு முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக 18 நகங்கள். மிச்சத்தை அடுத்த சில நாட்களில் ஒன்றிரண்டாக முடித்தேன். ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால், அடுத்த முறை நகவெட்டியைக் கண்டதுமே பூனை கட்டிலுக்கடியில் ஓடிவிடும்.

அதற்கு முந்தைய ஒரு வாரம் வெட்டவே இல்லை. சாப்பிட்டுவிட்டு மடியில் கண் சொக்கிக் கிடக்கும்போது பாதத்தைப் பிடிப்பேன், ஒரு விரலை அழுத்துவேன், விடுவேன். உடனே வேகவைத்த கோழிக்கறியில் ஒரு துணுக்கு. மூன்றாம் நாளே காலை இழுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டது.

பூனையின் நகம் சும்மா இருக்கும்போது உள்ளே மடங்கி இருக்கும். விரலின் மேல் கட்டைவிரலும், அடியிலுள்ள மெத்தையில் ஆள்காட்டி விரலும் வைத்து இலேசாக அழுத்தினால் வெளியே வரும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நுனிக் கொக்கி கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்; அடிப்பக்கம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்புதான் நகக்கண். ரத்தக் குழாயும் நரம்பும் அதற்குள்தான் ஓடுகின்றன. சிவப்பு முடியும் இடத்துக்கு 2 மில்லிமீட்டராவது முன்னால் வெட்டை நிறுத்திவிட வேண்டும். போக வேண்டியது கூர்முனை மட்டும்தான். நகத்தைக் குட்டையாக்குவது நோக்கமல்ல. கறுப்பு நகத்தில் சிவப்பு தெரியாது. அதில் வளைந்த ஊசிமுனையை மட்டும் எடுத்தால் போதும்.

நகவெட்டி கூராக இருக்கட்டும். பூனை நகம் பக்கவாட்டில் தட்டையானது. அதனால் வெட்டியின் வாய் நகத்தின் மேலும் கீழுமாகப் பிடிக்க வேண்டும். இரு பக்கமும் நசுக்கினால் நகம் பிளந்துவிடும். பலர் மறப்பது முன்னங்காலின் உட்புறம் சற்று மேலே இருக்கும் ஐந்தாவது நகத்தை. அது தரையில் தேய்வதில்லை. கவனிக்காமல் விட்டால் வட்டமாக வளைந்து மெத்தைக்குள்ளேயே குத்தி இறங்கும். வயதான பூனைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம்.

வால் வெடுக்வெடுக்கென்று அடித்தாலோ காது பின்னால் மடிந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிடுங்கள். கைதவறி ரத்தம் வந்தால் பஞ்சால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கார்ன்ஃப்ளார் மாவைத் தொட்டு வைத்தாலும் நிற்கும். அப்படியும் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

வெளியே சுற்றும் பூனைக்கு இதெல்லாம் வேண்டாம். நாய் துரத்தும்போது மரம் ஏற அதற்கு அந்த நகம்தான் துணை. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு மட்டும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியை எடுத்துவிடுங்கள்.