பெட்டியில் கிடந்தே தீரும் பேட்டரி

பழைய கேம்களைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர், போக்கிமான் கோல்டு கார்ட்ரிட்ஜை கேம் பாயில் செருகி ஆன் செய்தார். இசை வந்தது, முகப்புப் படம் வந்தது. ஆனால் மெனுவில் CONTINUE இல்லை, NEW GAME தான் முதலில் நின்றது. "பேட்டரி போயிடுச்சு" என்றார். புதிதாக ஆட ஆரம்பித்து, சேவ் செய்தும் காட்டினார். சேவ் ஆகிவிட்டதாகவே கேம் சொன்னது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பழையபடி NEW GAME.

அந்தப் பொய்க்குக் காரணம் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் எஸ்ரேம் என்ற நினைவகச் சிப். கேம் இருப்பது வேறு சிப்பில். அது மின்சாரம் இல்லாமலும் அழியாது. நாம் ஆடிச் சேர்த்ததெல்லாம் இருப்பது 32 கிலோபைட் எஸ்ரேமில். அதற்குச் சுமார் 2 வோல்டாவது கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் மறந்துவிடும். கேம் பாய் ஓடும்போது அதுவே மின்சாரம் தருகிறது. அதனால்தான் சேவ் ஆனது போலத் தெரிகிறது. அணைத்ததும் பொறுப்பு ஒரு பொத்தான் பேட்டரிக்கு வந்துவிடும். ஆக, இந்தப் பேட்டரி தேய்வது ஆடும்போது அல்ல, அலமாரியில் கிடக்கும்போது.

கோல்டில் இருப்பது சிஆர் 2025: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 2.5, மின்னழுத்தம் 3 வோல்ட், கொள்ளளவு ஏறத்தாழ 165 மில்லி ஆம்பியர்-மணி. அது ஒரே ஒரு மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் தருவதாக வைத்துக்கொண்டால் 1,65,000 மணி நேரம், அதாவது 18 ஆண்டுக்குச் சற்று மேல் தாங்கும். இரண்டு மைக்ரோ ஆம்பியர் ஆனால் அதில் பாதிதான். ஜப்பானில் 1999-லும் அமெரிக்காவில் 2000-லும் வந்த கேம் இது. அந்தக் காலத்துப் பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தால் அதுவே ஆச்சரியம்.

இதைவிட வேடிக்கை, இதற்கு முன் வந்த போக்கிமான் ரெட் கார்ட்ரிட்ஜ்கள் பல இன்னும் சேவைப் பிடித்து வைத்திருப்பதுதான். கோல்டில் இரவு பகல் உண்டு. அதற்காக உள்ளே ஒரு கடிகாரம் ஓயாமல் ஓடுகிறது. அதற்கும் தீனி போடுவது அதே பேட்டரி.

லித்தியம் பேட்டரி முன்கூட்டி எச்சரிப்பதும் இல்லை. ஆயுளின் பெரும்பகுதி 3 வோல்டை ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் சட்டென்று சரியும். மல்டிமீட்டரில் 2.9 வந்தால் இப்போதைக்குச் சரி என்று மட்டுமே அர்த்தம்.

சேவ் இன்னும் இருக்கிறது என்றால் முதல் வேலை பேட்டரியைத் தொடாமல் அதை வெளியே எடுப்பது. கார்ட்ரிட்ஜ் ரீடர் என்ற சிறு கருவியை யுஎஸ்பி வழியே கணினியில் இணைத்தால், .sav என்று முடியும் ஒரு கோப்பாக இறங்கிவிடும். ரீடர் இல்லாதவர்கள் லிங்க் கேபிள் போட்டு இன்னொரு கார்ட்ரிட்ஜுக்குப் போக்கிமான்களை மட்டும் கடத்துவதுண்டு. வென்ற பேட்ஜ்களும் சேர்த்த பணமும் பழையதிலேயே போய்விடும். கேம் பாயை ஓடவிட்டு, அந்த மின்சாரத்திலேயே பேட்டரியை மாற்றிவிடலாம் என்பாரும் உண்டு. சால்டரிங் அயர்ன் முனை பக்கத்துப் புள்ளியில் பட்டால் சேவோடு கார்ட்ரிட்ஜும் போகலாம். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

நண்பருடையதில் காப்பாற்ற ஒன்றுமில்லை, நேரே திறந்தார். இதன் திருகுக்குச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் ஒத்துவராது, 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் வேண்டும். எது பிளஸ், எது மைனஸ் என்று தெரிய முதலில் போனில் படம் எடுத்தார். பேட்டரியின் இரு பக்கமும் மெல்லிய உலோக நாக்குகள் வெல்டிங் செய்யப்பட்டிருந்தன. அவற்றைப் பிய்க்காமல், போர்டோடு சேரும் இடத்தில் சால்டரை உருக்கித் தூக்கினார். புதியதையும் நாக்கு வைத்ததாகவே வாங்கியிருந்தார். வெறும் பேட்டரி மேல் நேராகச் சால்டர் வைத்தால் சூட்டில் கெடும், வெடிக்கவும் கூடும். இன்சுலேஷன் டேப்பால் அழுத்தி ஒட்டுவது எளிதுதான். ஆனால் பசை தளர்ந்து தொடர்பு ஒரு நொடி விட்டாலும் போதும், சேவ் காலி.

பேட்டரியே வேண்டாம் என்பவர்கள் எஸ்ரேமைக் கழற்றிவிட்டு, மின்சாரம் இல்லாமலே நினைவு வைக்கும் எஃப்ரேம் சிப் பொருத்துகிறார்கள். எல்லா போர்டிலும் அது ஒத்துப்போகாது. கோல்டில் அது வேலை செய்தாலும் கடிகாரத்துக்குப் பேட்டரி வேண்டியிருக்கிறது. பின்னால் வந்த போக்கிமான் ரூபி, சஃபையரில் நிலைமை வேறு. அவற்றில் சேவ் இருப்பது ஃபிளாஷ் நினைவகத்தில், பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். பேட்டரி தீர்ந்துவிட்டதாக அவை திரையில் சொல்லும்போது பதறிப்போய் விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் பத்திரமாகத்தான் இருக்கும், நேரத்தை நம்பி நடப்பவை மட்டும் நின்றுபோகும்.

மூடுவதற்கு முன் நண்பர் மார்க்கரை எடுத்து, புதுப் பேட்டரியின் முதுகில் அன்றைய மாதத்தையும் வருடத்தையும் எழுதினார். கேமை ஆன் செய்து, சேவ் செய்து, அணைத்தார். மறுநாள் காலை போட்டுப் பார்த்தபோது CONTINUE வந்திருந்தது.