லேன் கேபிளும் கரன்ட் வயரும் ஒரே பைப்பில் வேண்டாம்

மாடி அறைக்கு வைஃபை சரியாக எட்டவில்லை. கீழே ஹாலில் இருக்கும் ரவுட்டரிலிருந்து 20 மீட்டர் லேன் கேபிள் இழுக்க வேண்டும். கடையில் மூன்று வகை எடுத்துப் போடுகிறார்கள்: சாதாரண உருண்டைக் கேபிள், பட்டையான ஃபிளாட் கேபிள், ஷீல்டு போட்ட கேபிள். எதை வாங்குவது?

சாதாரணக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கி, நான்கு ஜோடிகளாக இருக்கும். ஜோடியின் இரு கம்பிகளிலும் சிக்னல் எதிரெதிராகப் போகும். மறுமுனையில் உள்ள கருவி அவற்றின் வித்தியாசத்தை மட்டுமே படிக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுவதால், கழிக்கும்போது அது அடிபட்டுப் போகிறது. இரண்டிலும் சமமாக ஏற வைப்பது அந்த முறுக்குதான்.

ஃபிளாட் கேபிள் கதவிடுக்கில் நுழையும், பார்க்கவும் அழகு. ஆனால் பலவற்றில் கம்பி மிக மெல்லியது, முறுக்கும் குறைவு. மேஜைக்கும் ரவுட்டருக்கும் இடையே இரண்டு மூன்று மீட்டருக்குப் போதும், மாடிக்கு வேண்டாம்.

ஷீல்டு கேபிளில் உள்ள உலோகத் தாள் இரைச்சலைப் பிடித்து எர்த்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு உலோக உறையுள்ள பிளக்கும் எர்த் செய்த கருவியும் தேவை. வீட்டு ரவுட்டர் பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு முள் அடாப்டர். அதில் எர்த்துக்கு வழியே இல்லை. வெல்டிங்கும் பெரிய மோட்டார்களும் ஓடும் பட்டறையில், முறையாக எர்த் செய்தால் ஷீல்டுக்குக் கொடுத்த காசு வீண்போகாது.

ஆகவே மாடிக்கு சாதாரண கேட் 6 போதும். கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? அது செம்பு பூசிய அலுமினியம், வாங்காதீர்கள்.

அடுத்தது பாதை. ஏற்கெனவே சுவரில் இருக்கும் கரன்ட் பைப்பிலேயே இதையும் செருகிவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்லக்கூடும். சம்மதிக்காதீர்கள். வயரின் உறை தேய்ந்தால் 230 வோல்ட் கணினிக்கே வந்துவிடும். இரைச்சலும் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தன்னளவில் பெரிய தொல்லை தராது. மோட்டார், மிக்ஸி, டியூப்லைட் சோக் போடும்போதும் அணைக்கும்போதும் எழும் திடீர்த் துடிப்புகள்தான் சிக்னலைக் கெடுக்கும். தனிப் பைப் போட்டு, கரன்ட் வயருக்கு இணையாக ஓடும் இடங்களில் சுமார் 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். குறுக்கிட்டே தீர வேண்டிய இடத்தில் கூட்டல் குறிபோல நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். பக்கத்தில் ஓடும் தூரம் குறைந்தால் ஏறும் இரைச்சலும் குறையும்.

இழுத்து முடித்ததும் மாடிக் கணினியில் வைஃபையை அணைத்துவிட்டு, விண்டோஸில் இதை ஓடவிடுங்கள் (எண், உங்கள் ரவுட்டரின் முகவரி):

```
ping -t 192.168.1.1
```

ஓடும்போதே தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மட்டும் Request timed out வந்தால் கேபிளின் பாதையைச் சந்தேகிக்கலாம். மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வேகம் 1000-க்குப் பதில் 100 எம்பிபிஎஸ் என்றே காட்டினால், பெரும்பாலும் பிளக்கில் ஏதோ ஒரு கம்பி சரியாகப் பதியவில்லை. சுவரை உடைக்குமுன் பிளக்கை மாற்றிப் பாருங்கள்.